உருளையும் அரைக்கோளமும் சேர்ந்த பொம்மை: நிறை மையத்தைக் கணக்கிட்டு, மேசை விளிம்பில் சரிபார்த்த முறை

பொம்மையின் அமைப்பு எளிது. அடியில் ஒரு திண்ம உருளை, அதன் தலையில் அதே ஆரமுள்ள திண்ம அரைக்கோளம். இரண்டும் ஒரே மரக்கட்டையில் கடைந்தெடுத்தவை, ஆகவே அடர்த்தி எங்கும் ஒன்றே. ஆரம் r = 4 செ.மீ., உருளையின் உயரம் h = 6 செ.மீ., மொத்த உயரம் 10 செ.மீ. அடித்தளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிறை மையம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. வடிவம் நடு அச்சைச் சுற்றி ஒரே மாதிரி இருப்பதால் மையம் அந்த அச்சில்தான் இருக்கும். உயரம் ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும்.

கணக்கு நாலு வரிதான். உருளையின் கன அளவு πr²h, அதாவது 96π. அதன் மையம் பாதி உயரத்தில், 3 செ.மீ.-ல் இருக்கிறது. அரைக்கோளத்தின் கன அளவு 2πr³/3, ஏறத்தாழ 42.67π. அதன் மையம் தன் தட்டை முகத்திலிருந்து 3r/8, அதாவது 1.5 செ.மீ. மேலே. அந்தத் தட்டை முகமே 6 செ.மீ. உயரத்தில் இருப்பதால், அடியிலிருந்து 7.5 செ.மீ. இனி ஒவ்வொரு கன அளவையும் அதன் மைய உயரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கன அளவால் வகுக்க வேண்டும்.

```
(96 × 3 + 42.67 × 7.5) / (96 + 42.67) = 608 / 138.67 = 4.38
```

π மேலும் கீழும் இருப்பதால் அடிபட்டுப் போகிறது. அதை 3.14 என்று போட்டு ஒவ்வொரு வரியிலும் பெருக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை. இடையில் தசமத்தைச் சுருக்கும்போது பிழை நுழையவும் அது வழிவிடுகிறது.

விடை வந்ததும் பலரும் செய்யும் சோதனை ஒன்று உண்டு. மொத்த மையம் இரண்டு பகுதிகளின் மையங்களுக்கு நடுவில், கனமான பகுதியின் பக்கமாக இருக்க வேண்டும். 4.38 என்பது 3-க்கும் 7.5-க்கும் நடுவில், உருளையின் பக்கமாகவே இருக்கிறது. இந்தச் சோதனை நல்லதுதான், ஆனால் இது பிடிப்பது ஒரே ஒரு பிழையை: 7.5-க்குப் பதில் வெறும் 1.5 என்று போட்டு, உருளையின் உயரத்தைக் கூட்ட மறப்பது. அப்படிச் செய்தால் விடை 2.54 என்று வரும். அது 3-க்கும் கீழே இருப்பதால் உடனே தெரிந்துவிடும். மற்ற பிழைகள் எல்லாம் இந்தச் சல்லடையில் தங்காமல் நழுவிவிடும்.

அந்தப் பிழைகள் மூன்றும் அரைக்கோளத்தில்தான் நடக்கின்றன. 3r/8 என்பதை உச்சியிலிருந்து அளந்துவிட்டால், தட்டை முகத்திலிருந்து 2.5 செ.மீ. ஆகி, விடை 4.69 என்று வரும். உள்ளே காலியான அரைக்கோளக் கூட்டின் மையமான r/2-ஐ எடுத்தால் 4.54. தாளில் வரைந்த பக்கத்தோற்றத்தைப் பார்த்து, செவ்வகத்தின் மேல் அரைவட்டம் என்று பரப்பளவுகளை வைத்தே கணக்குப் போட்டால் 4.61. மூன்றுமே 3-க்கும் 7.5-க்கும் நடுவில், உருளையின் பக்கமாகவே விழுகின்றன. பார்வைக்கு எதுவும் தவறாகத் தெரியாது.

ஆகவே 3/8 எங்கிருந்து வருகிறது என்பதைக் கையோடு பார்த்துவிடுவது நல்லது. அரைக்கோளத்தைத் தட்டை முகத்துக்கு இணையாக மெல்லிய வட்டத் தகடுகளாக வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். z உயரத்தில் உள்ள தகட்டின் பரப்பு π(r² − z²). அடியில் 16π, 2 செ.மீ. உயரத்தில் 12π, 3 செ.மீ. உயரத்தில் 7π, உச்சியில் சுழி. தகடுகள் மேலே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவதால், உயரத்தின் கீழ்ப்பாதியில் மட்டுமே மொத்தக் கன அளவில் 16-ல் 11 பங்கு அடங்கிவிடுகிறது. எனவே மையம் 2 செ.மீ.-க்குக் கீழேதான் இருக்க முடியும். இதிலேயே 2.5 என்பதும், கூட்டுக்கு உரிய 2 என்பதும் விழுந்துவிடுகின்றன. அரைவட்டத்தின் மையம் 4r/3π, அதாவது 1.70, அது 2-க்குக் கீழே இருப்பதால் இந்த வாதத்துக்குச் சிக்காது. அதற்குத் தொகையீடு வேண்டும்: z·π(r² − z²) என்பதை 0 முதல் r வரை தொகையிட்டால் πr⁴/4. அதை 2πr³/3-ஆல் வகுத்தால் 3r/8.

இந்த πr⁴/4 கையில் இருந்தால் கணக்கை இன்னும் சுருக்கலாம். என் விருப்பம், உயரத்தை அடியிலிருந்து அளக்காமல், இரண்டு பகுதிகளும் சேரும் தளத்திலிருந்து அளப்பது. அரைக்கோளத்தின் திருப்புத்திறன் மேல்நோக்கி 64π. உருளையின் மையம் 3 செ.மீ. கீழே இருப்பதால் அதன் பங்கு கீழ்நோக்கி 288π. மிச்சம் கீழ்நோக்கி 224π, அதை 138.67π-ஆல் வகுத்தால் 1.615. அதாவது சேரும் தளத்துக்கு 1.6 செ.மீ. கீழே, அடியிலிருந்து 4.38 செ.மீ. உயரத்தைக் கூட்ட மறக்கும் பிழைக்கு இங்கே இடமே இல்லை.

பொம்மை கையில் இருந்தால் இதை நேரடியாக அளக்கலாம். பொம்மையைப் படுக்க வைத்து, தட்டையான அடி முன்னால் வரும்படி, மேசை விளிம்புக்குச் செங்குத்தாக மெல்ல வெளியே தள்ள வேண்டும். அடி 4.38 செ.மீ. வெளியே நீட்டும்போது பொம்மை கவிழத் தொடங்கும். அந்த நேரத்தில் உருளையின் 1.6 செ.மீ. மட்டுமே மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அரைக்கோளம் மேசைக்கு மேல் தொங்கியபடி இருக்கும். சரியான விடைக்கும் 4.69-க்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டர், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 4.54-ஐப் பிரித்தறிய ஒன்றரை மில்லிமீட்டர் துல்லியம் வேண்டும்; கவனமாகச் செய்தால் அதுவும் கிடைக்கும்.

இதில் கெடுப்பவை இரண்டு. மேசை விளிம்பு வட்டமாகத் தேய்க்கப்பட்டிருந்தால், பொம்மை விளிம்பின் மீது கவிழாமல், வளைவு தொடங்கும் இடத்தில் கவிழும். அளவு குறைவாக வரும். ஒரு எஃகு அளவுகோலை விளிம்போடு ஒட்டித் தட்டையாக வைத்து, அதன் மேல் பொம்மையைத் தள்ளினால் கூரான விளிம்பு கிடைக்கும். இரண்டாவது, பொம்மை பக்கவாட்டில் உருள்வது. இரண்டு பக்கமும் தடிமனான புத்தகம் ஒன்றை மயிரிழை இடைவெளி விட்டு நிறுத்தினால் போதும். கையால் பிடித்தால் விரலின் அழுத்தமே முடிவை மாற்றிவிடும்.

இந்தச் சோதனை எல்லாப் பொம்மைகளுக்கும் செல்லாது. மேலே பார்த்த இரண்டு திருப்புத்திறன்களும் சமமாகும்போது, அதாவது h = r/√2 ஆகும்போது, மையம் சரியாகச் சேரும் தளத்தில் விழுகிறது. நம் ஆரத்துக்கு அது 2.83 செ.மீ. உருளை இதைவிடக் குட்டையானால் மையம் அரைக்கோளத்துக்குள் போய்விடும். படுக்க வைத்த பொம்மை அரைக்கோளத்தின் பக்கம் சாய்ந்துவிடும், விளிம்பில் எதையும் அளக்க முடியாது. h = 2 செ.மீ. என்று எடுத்தால் மையம் சேரும் தளத்துக்கு 0.43 செ.மீ. மேலே இருக்கும். அத்தகைய பொம்மையைத் தலைகீழாக அரைக்கோளத்தின் மேல் வைத்தால், எப்படிச் சாய்த்து விட்டாலும் எழுந்து நிற்கும்.

இரண்டு பகுதிகளும் வெவ்வேறு மரத்தில் செய்து ஒட்டப்பட்டவை என்றால், கன அளவுக்குப் பதில் நிறையை எடுக்க வேண்டும். அரைக்கோளத்தின் மரம் இரண்டு மடங்கு அடர்த்தியானது என்றால், அதன் பங்கு 85.33 ஆகிறது, மையம் 928 / 181.33, அதாவது 5.12 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அப்போது மேசையில் மிஞ்சும் உருளை 1 செ.மீ. கூட இருக்காது, தள்ளும் கை மிக மெதுவாகப் போக வேண்டும்.