சாயப்பட்டறையில் முடிவெடுப்பவர் யார்? லிங்க்ட்இன் வடிகட்டிகளோடு ஒரு தேர்வு

கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு மூன்று மாதத் தகுதிகாண் காலம் கொடுத்தார்கள். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. அமைப்புகளில் அழுக்கேறி அடைத்துக்கொண்ட மெம்பரேன் என்னும் வடிசவ்வுகளைக் கழற்றி எடுத்து வந்து, கழுவிச் சோதித்து, மறுபடி பொருத்திக் கொடுப்பதுதான் நிறுவனத்தின் தொழில். மேலாளர் வைத்த தேர்வு ஒரே வரியில் முடிந்துவிட்டது: "திருப்பூர் வட்டாரத்தில் நம்மிடம் வேலை கொடுக்கக்கூடிய 25 பேரின் பெயர்களை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு வா." கையில் இருந்தது லிங்க்ட்இன் இலவசக் கணக்கு மட்டும்.

ஒரு மதியத்திலேயே முடித்துவிட்டேன். மேலே இருக்கும் தேடல் பெட்டியில் RO membrane Tiruppur என்று தட்டினேன். வந்தவர்களில் பதவி பெரிதாகத் தெரிந்த 25 பேரைப் பட்டியலிட்டேன். மேலாளர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். 17 பெயர்கள் போயின. "தம்பி, இவர்கள் நம்மிடம் வாங்க மாட்டார்கள். நம்மிடம் விற்க வருவார்கள்" என்றார்.

தவறு எங்கே என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. மெம்பரேன் என்ற சொல்லைத் தன் லிங்க்ட்இன் பக்கத்தில் எழுதி வைப்பவர் மெம்பரேன் விற்பவர். வாங்குபவர் அதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. சாயப்பட்டறையில் வேலை செய்பவர் தன் பக்கத்தில் தன் வேலையைத்தான் எழுதுவார்: ஈ.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பொறுப்பாளர், துணியைச் சாயமிட்டு அலசும் வெட் பிராசசிங் பிரிவின் மேலாளர், டையிங் மாஸ்டர். ஆகவே நம் பொருளின் பெயரைக் கொண்டு தேடினால் நம் போட்டியாளர்கள்தான் கிடைப்பார்கள். வாடிக்கையாளர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறாரோ அந்தச் சொல்லைக் கொண்டு தேட வேண்டும்.

அந்தச் சொற்களுக்குப் போகும் முன் இன்னொன்றையும் மேலாளர் கேட்டார். "எந்தப் பட்டறையில் மெம்பரேன் இருக்கிறது என்று தெரியுமா?" தெரியவில்லை. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாததற்காக 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது நினைவிருக்கும். அதன் பிறகு இயங்கும் பட்டறைகள் இரண்டு வகை. சிலவற்றுக்குச் சொந்தமாகவே சுத்திகரிப்பு நிலையம் உண்டு. மற்றவை பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்து, கழிவுநீரைக் குழாய் வழியே அங்கே அனுப்பிவிட்டுக் கட்டணம் செலுத்துகின்றன. இரண்டாம் வகைப் பட்டறையில் ஆர்.ஓ. கிடையாது, எங்களுக்கு அங்கே வேலையும் கிடையாது. அந்தப் பட்டறைகளின் கழிவுநீரை வாங்கும் பொதுநிலையமோ எங்கள் மிகப் பெரிய வாடிக்கையாளராக ஆகக்கூடியது. இந்த வேறுபாடு எந்த வடிகட்டியிலும் இல்லை. அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் திரைக்கு முன் உட்கார வேண்டும்.

இரண்டாம் முறை தேடலை People பகுதிக்கு மாற்றி, All filters என்பதைத் திறந்தேன். அதன் அடிப்பகுதியில் Title என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. பெரும்பாலோர் அதுவரை கீழே இறங்குவதில்லை. மேலே உள்ள பெட்டி ஒருவருடைய பக்கம் முழுவதையும் துழாவும். இது பதவியை மட்டும் பார்க்கும். இதில் நான் இட்டது:

```
(ETP OR effluent OR dyeing OR "wet processing") AND (manager OR head OR incharge OR GM)
```

AND, OR, NOT மூன்றும் பெரிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவையும் தேடுசொல்லாகிவிடும். நட்சத்திரக் குறி போட்டு மீதிச் சொல்லை ஊகிக்க வைக்கும் வழி இங்கே இல்லை. அதனால் incharge, "in-charge" என்று நம் ஊரார் எழுதும் வடிவங்களை எல்லாம் தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இப்படி எழுதும் தேடல் சரம் நீண்டுகொண்டே போனால் முடிவுகள் விசித்திரமாகின்றன. ஒரே சரத்தில் பத்துச் சொற்களை அடுக்குவதைவிட, நான்கைந்து சொற்களோடு மூன்று முறை தேடுவது நல்லது.

இடத்துக்கு Tiruppur மட்டும் தேர்ந்தெடுத்தால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். திருப்பூரில் வேலை, கோவையில் வீடு என்று தினமும் போய் வருபவர்கள் தங்கள் பக்கத்தில் கோவையைத்தான் போட்டிருப்பார்கள். பெருந்துறை சிப்காட்டில் இருப்பவர்களுக்கு ஈரோடு. மூன்றையும் சேர்த்தேன். துறை வடிகட்டியை விட்டுவிட்டேன். ஒருவர் தன் துறையாக எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவரவர் விருப்பம், சாயப்பட்டறையின் ஈ.டி.பி. மேலாளர் ஜவுளி என்றும் போடலாம், சுற்றுச்சூழல் சேவை என்றும் போடலாம், முன்பு வேலை பார்த்த துறையை மாற்றாமலே விட்டிருக்கவும் கூடும். அந்த வடிகட்டியை இட்டுப் பார்த்தபோது, எனக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு நல்ல பெயர்கள் காணாமல் போயின. ஒரு வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்று அறிய இதுவே எளிய சோதனை: உறுதியாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரை மனதில் வைத்துக்கொண்டு, அவர்கள் முடிவில் தங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

விற்பவர்களை நீக்க NOT பயன்படும். ஆனால் அதை மேல் பெட்டியில் இட்டு நான் ஏமாந்தேன். NOT sales என்று அங்கே போட்டால், பக்கத்தில் எங்காவது அந்தச் சொல் இருப்பவரும் விலக்கப்படலாம். பத்தாண்டுக்கு முன் சாய ரசாயனம் விற்றுவிட்டு இன்று ஈ.டி.பி. பொறுப்பில் இருப்பவர் அப்படிப் போனார். Title பெட்டியில் சரத்தின் கடைசியில் NOT (sales OR marketing OR consultant) என்று சேர்த்தால் இந்தச் சிக்கல் வருவதில்லை.

இன்னொரு சிறு விஷயத்தில் ஒரு மாலை முழுவதும் வீணானது. சரத்தை வேர்ட் கோப்பில் எழுதி வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். வேர்ட் மேற்கோள் குறியை அழகாக வளைத்துவிடும். லிங்க்ட்இனுக்கு நேர்க்குறி மட்டுமே தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது. "wet processing" என்று கேட்டிருக்க, உணவு பதப்படுத்தும் ஆலைக்காரர்களும் வரிசையில் வந்து நிற்பார்கள். அப்படி வந்தால் முதலில் மேற்கோள் குறியைப் பாருங்கள். இப்போது நோட்பேடில்தான் எழுதி வைக்கிறேன்.

சரி, கிடைத்தவர்களில் முடிவெடுப்பவர் யார்? இங்கே பதவிப் பெயர் நன்றாகவே ஏமாற்றும். மெம்பரேன் அடைத்துக்கொண்டதை முதலில் அறிபவர் ஈ.டி.பி. பொறுப்பாளர், சுத்தமான நீரின் அளவு குறைவதும் உப்பு ஏறுவதும் அவர் குறிப்பேட்டில்தான் தெரியும். யாரைக் கூப்பிடலாம் என்று சொல்பவரும் அவரே. காசோலையில் கையெழுத்திடுபவர் முதலாளி. இடையில் இருக்கும் பொது மேலாளர் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் உண்மையான அதிகாரம் உள்ளவர். சிறு பட்டறையில் வருகைப் பதிவேட்டையும் ஆட்களையும் பார்ப்பவர். ஆகவே ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெயர் என்ற முறையை விட்டுவிட்டு, சிக்கலை அறிந்தவர் ஒருவர், பணம் கொடுப்பவர் ஒருவர் என்று இரட்டையாக எடுக்கத் தொடங்கினேன்.

பணம் கொடுப்பவரைத் தேட ஆளிலிருந்து தொடங்காமல் நிறுவனத்திலிருந்து தொடங்குவது மேல். Companies பகுதியில் dyeing, processors, process, colours என்று பெயரில் வரக்கூடிய சொற்களைக் கொடுத்து, இடத்தை மட்டும் வடிகட்டினேன். நிறுவனப் பக்கத்தில் People என்பதை அழுத்தினால் அங்கே கணக்கு வைத்திருப்பவர்கள் வருவார்கள். அதற்குள்ளேயே சொல் கொடுத்துத் தேடலாம். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் பட்டறையில் நான்கு பேர்தான் தெரிவார்கள். அதைக் கண்டு சின்ன நிறுவனம் என்று தள்ளிவிடக் கூடாது. சாயத்தொட்டி அருகே நிற்பவருக்கு லிங்க்ட்இன் எதற்கு?

முதலாளிகள் பலரும் அங்கே இல்லை. இருப்பவர்கள் Proprietor, Managing Partner, Director என்று போட்டிருப்பார்கள். CEO என்று தேடியதில் எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. 24 வயதில் இயக்குநர் என்று ஒருவர் கண்ணில் பட்டால் பொய்ப் பதவி என்று கடந்து போகாதீர்கள். பெரும்பாலும் அவர் முதலாளியின் மகனோ மகளோதான். படிப்பை முடித்துவிட்டு வந்து தந்தைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர். தந்தையைவிட அவரே செய்திக்குப் பதில் போடுவார்.

Connections வடிகட்டியில் 2nd, அதாவது நண்பரின் நண்பர் என்பதைத் தேர்ந்தெடுத்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பல பெயர்களுக்கும் எனக்கும் நடுவே நின்ற பொது நண்பர் ஒரே ஆள்: சாய ரசாயன விற்பனையாளர் ஒருவர், என் கல்லூரி மூத்தவர். வாரம் தவறாமல் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குபவர். அவரிடம் பட்டியலை வாசித்துக் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் வேலை மாறிப் போய்விட்டதையும், இரண்டு பட்டறைகள் பொதுநிலையத்தின் உறுப்பினர்கள் என்பதையும் சொல்லிவிட்டார். பக்கத்தைப் புதுப்பிக்காதவர்களை வடிகட்டி கண்டுபிடிக்காது.

மூன்றாம் வாரத்தில் இலவசக் கணக்கின் எல்லை வந்தது. வணிக நோக்கில் அதிகம் தேடுகிறீர்கள் என்று சொல்லி முடிவுகளைச் சுருக்கிவிட்டார்கள். மாதத்தின் முதல் தேதியில்தான் மறுபடி திறக்கும். ஒருவரின் பெயரை நேரடியாகத் தேடுவது இந்த எல்லைக்குள் எண்ணப்படாது. அதனால் ஆளைக் கூகுளில் கண்டுபிடித்து, பெயரை மட்டும் லிங்க்ட்இனில் தேடினேன்:

```
site:linkedin.com/in ("ETP manager" OR "ETP incharge") (Tiruppur OR Tirupur)
```

ஊர்ப்பெயரின் இரண்டு எழுத்துக்கூட்டலையும் கொடுத்தது தற்செயல் அல்ல. பழைய Tirupur வடிவை எழுதுபவர்கள் இன்னும் நிறைய.

பிறகு நிறுவனம் ஒரு மாதத்துக்கு லிங்க்ட்இனின் கட்டணச் சேவையான சேல்ஸ் நேவிகேட்டர் வாங்கித் தந்தது. எங்கள் போன்ற குறுகிய துறைக்கு அதில் உண்மையாக உதவியது ஒரே வடிகட்டி: இப்போதைய பதவியில் எத்தனை ஆண்டு என்பது. ஓராண்டுக்குள் வந்த ஈ.டி.பி. மேலாளர் பழைய ஒப்பந்தக்காரரோடு ஒட்டிப்போயிருக்க மாட்டார். கடந்த 30 நாளில் பதிவிட்டவர்கள் என்ற வடிகட்டியை இட்டபோது பட்டியல் ஏறக்குறைய காலியானது. கழிவுநீர் நிலையத்தில் இருப்பவர்கள் பதிவெல்லாம் எழுதுவதில்லை.

மாதக் கடைசியில் நான் கொடுத்த இரண்டாம் பட்டியலில் 25 இல்லை. 19 பெயர்கள், 11 நிறுவனங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொந்த நிலையமா பொதுநிலையமா என்பதையும், யார் மூலம் உறுதி செய்தேன் என்பதையும் எழுதியிருந்தேன். மேலாளர் நான்கை அடித்தார். மீதியில் ஒரு இளம் இயக்குநருக்கு, உங்கள் நிலையத்தில் மெம்பரேனைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று மட்டும் கேட்டு எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்தது: அப்பாவின் கைப்பேசி எண்ணும், பதினோரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்ற குறிப்பும்.