காத்து பிரிஞ்சுதா?

மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை அப்பா மாதக்கணக்கில், பாதி நாள் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். ஒரு ஞாயிறு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். குடல்புண் ஓட்டையாகிவிட்டது என்று சொல்லி, விடிவதற்குள் நடுவயிற்றைத் திறந்து ஓட்டையை அடைத்தார்கள். அவருக்கு வயது 66, நாற்பது வருட பீடிப் பழக்கம். ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எங்களைப் படுத்தியது அதற்குப் பிறகு வந்த எட்டு நாள்தான்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு யூரின் டியூபை எடுத்தார்கள். "ஆறு மணி நேரத்துக்குள்ள அவரா போகணும், போனா சொல்லுங்க" என்றார் சிஸ்டர். பத்து மணிக்கு அப்பா கொஞ்சம் போனார். பதினொன்றரைக்கு இன்னும் கொஞ்சம். சிஸ்டர் வந்து கேட்டபோது, "ரெண்டு தடவை போய்ட்டாரு சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"எவ்ளோ போனாரு?"

எனக்குத் தெரியவில்லை. கேனைத் தூக்கிப் பார்த்தார். அடிக்கோட்டைக்கூடத் தொடவில்லை, முப்பது மில்லி இருந்தால் அதிகம். அப்பா இடைவிடாமல் நெளிந்துகொண்டிருந்தார். தையல் வலி என்றே நான் நினைத்திருந்தேன். சிஸ்டர் தையலைத் தொடாமல் தொப்புளுக்குக் கீழே ஒரு கையை வைத்து, அதன்மேல் மறு கை விரலால் தட்டினார். தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டினால் வருமே, அந்த மந்தமான சத்தம். மூத்திரப் பை நிரம்பி வழிவதுதான் அந்தச் சொட்டு, அப்பா போனதாகவே கணக்கில்லை என்றார். மயக்க மருந்து, வலி ஊசி, அவர் வயதுக்கு இருக்கும் புராஸ்டேட் வீக்கம் எல்லாம் சேர்ந்தால் இப்படி ஆகுமாம்.

உடனே டியூப் போடவில்லை. கட்டிலைச் சுற்றி ஸ்க்ரீன் இழுத்து, என்னை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு ஆண் உதவியாளரை வைத்து அப்பாவை நிற்கவைத்தார்கள். பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள், அடிவயிற்றில் வெந்நீர்த் துணி வைத்தார்கள். படுத்தபடி, அதுவும் மகள் பக்கத்தில் நிற்கும்போது, எந்த அப்பாவுக்கு வரும்? அரை மணி நேரம் பார்த்தும் வராததால் டாக்டரிடம் சொல்லி டியூப் போட்டார்கள். எண்ணூறு மில்லி இறங்கியது. அப்பா முகம் தளர்ந்ததைப் பார்த்தபோதுதான், அவ்வளவு நேரமும் அவர் எதைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. ராத்திரிக்கு டாம்சுலோசின் மாத்திரை எழுதினார்கள். அதைப் போட்டுவிட்டு சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், உட்கார வைத்து எழுப்புங்கள் என்றார் சிஸ்டர்.

அடுத்தது வயிறு. இதில் தப்பு என்னுடையதும்தான். மூக்கு வழியாகப் போட்டிருந்த ரைல்ஸ் டியூபை மூன்றாம் நாளே எடுத்துவிட்டு, தொண்டை நனைக்கிற அளவுக்குத் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் வரும் சிஸ்டர் முதலில் கேட்பது, "அய்யா, காத்து பிரிஞ்சுதா?" வார்டே கேட்கும்படி கேட்பார். அப்பாவுக்குக் கூச்சம், "இன்னும் இல்ல தாயி" என்பார். பார்க்க வந்த அத்தை, "மனுசன் வாடிப் போயிட்டாரே" என்று கால் டம்ளர் காபி ஊற்றினார். நான் தடுக்கவில்லை.

நாலாம் நாள் மதியம் விக்கல் ஆரம்பித்து நிற்கவே இல்லை. சாயங்காலம் வயிறு தோல் மினுங்குகிற அளவு உப்பி, பச்சையாக ஒரு கிண்ணம் வாந்தி வந்தது. டாக்டர் ஸ்டெத்தை வைத்து நெடுநேரம் கேட்டார், உள்ளே ஒரு சத்தமும் இல்லையாம். குடல் கீறலுக்குப் பயந்து வேலையை நிறுத்திவிட்டது என்று விளக்கினார். எல்லா வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகும் குடல் கொஞ்சம் உறங்கத்தான் செய்யும், பெருங்குடல் விழிக்க மூணு நாலு நாள்கூட ஆகும். அப்பாவுக்கு அது நீண்டுவிட்டது. அடைப்பு இருந்தால் விட்டுவிட்டு முறுக்கி வலிக்கும், போட்ட தையல் கசிந்தால் காய்ச்சலும் நாடி வேகமும் இருக்கும். இரண்டும் இல்லை என்பதை எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 2.8. குறைந்தபட்சம் 3.5 வேண்டுமாம், அது இல்லாமல் குடல் தசை அசையாது.

ரைல்ஸ் டியூப் திரும்ப உள்ளே போனது, ஒரு லிட்டருக்கு மேல் பச்சை நீர் வெளியே வந்தது. வாய் வழியாக எதுவும் கிடையாது. காபியைப் பற்றி நானே ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், "எழுதிக்கணும், எவ்ளோ குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார் சிஸ்டர். டியூபில் வந்த அளவைப் பார்த்து அந்த அளவுக்கு டிரிப்ஸ் கூட ஏறியது. பொட்டாசியத்தை அரை லிட்டர் சலைனில் கலந்து சொட்டுச் சொட்டாகத்தான் விட்டார்கள். நேரடியாக ஊசியில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் அந்த பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். வலிக்கு டிரமடாலை நிறுத்தி பாராசிட்டமால் டிரிப்ஸுக்கு மாற்றினார்கள், டிரமடால் குடலை இன்னும் உறங்கவைக்குமாம். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவைத்து, தினம் நாலு தடவை வார்டு கடைசி வரை நடக்கவிட்டார்கள். ஆறாம் நாள் விடியற்காலை அப்பா என் தோளைத் தட்டி, காதில் ரகசியம் போல, "பிரிஞ்சிருச்சு" என்றார். சிரித்தே விட்டேன்.

ஆனால் அந்த இரண்டு நாள் உப்பலும் பீடி இருமலும் தையலை உள்ளே இழுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. எட்டாம் நாள் காலை கட்டின்மேல் இளஞ்சிவப்பாக ஈரம் தெரிந்தது. மீன் கழுவிய தண்ணீர் நிறம். வலி இல்லை, சீழ் இல்லை, மேல்தையலும் பிரியவில்லை. வியர்வையோ, மருந்தோ என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து அப்பா ஓங்கி இருமினார். "ஏதோ பட்டுனு விட்ட மாதிரி இருக்குமா" என்றார். வேட்டி நனைந்துவிட்டது.

சிஸ்டர் கட்டைப் பிரித்த கணம் நான் பார்த்தேன், பளபளவென்று ஒரு வளையம் குடல். அவர் குரல்கூட மாறவில்லை. "அய்யா, இருமாதீங்க, அசையாதீங்க, நான் இங்கயேதான் இருக்கேன்." இன்னொருவரை டாக்டரைக் கூப்பிட அனுப்பிவிட்டு, நிமிர்த்தியிருந்த தலைப்பக்கத்தைப் பாதி இறக்கி, முழங்காலை மடக்கி அடியில் தலையணை வைத்தார். அப்போது வயிற்றுத் தசை தளரும். ஸ்டெரைல் கையுறை போட்டு, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த பேடை மேலே விரித்தார். காயாமல் திரும்பத் திரும்ப நனைத்தார். "உள்ள தள்ளிடலாமா சிஸ்டர்?" என்று உளறினேன். "கைய வைக்கக் கூடாது" என்றார். தண்ணீர் கேட்டார் அப்பா, கொடுக்கவில்லை. டிரிப்ஸ் ஓடியது, ஐந்து நிமிடத்துக்கொரு தடவை நாடியும் பிரஷரும் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டாவது தடவை டென்ஷன் தையல் போட்டார்கள். தடித்த நூல், தோலை அறுக்காமல் இருக்க ஒவ்வொன்றிலும் சின்ன ரப்பர் குழாய்த் துண்டு. அந்தச் சிவப்பு நீரைப் பார்த்தவுடனே சொல்லியிருந்தால் கட்டிலில் அசையாமல் கிடத்தி, குடல் வெளியே வருமுன்பே தியேட்டருக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதன்பின் இருமல் வந்தால் மடித்த போர்வையை வயிற்றில் இரு கையாலும் அழுத்திக்கொண்டு இருமப் பழக்கினார்கள். தினம் இரண்டு முட்டை வெள்ளைக்கரு. பீடியை அவரே விட்டுவிட்டார், விடவைக்க யாரும் பேசவில்லை.

இருபத்தோராம் நாள் அந்தத் தையலை எடுத்தார்கள். இப்போது எட்டு மாதம் ஆகிறது. தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழ அளவில் ஒரு புடைப்பு இருக்கிறது, இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். ஹெர்னியா, உடம்பு தேறட்டும் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். அதுவரை இடுப்புப் பட்டை. மூட்டுவலி மட்டும் அப்படியே இருக்கிறது.