மயில் கழுத்தும் பன்னிரண்டு நூலும்

தலையணை உறைக்கு மயில் போட ஆரம்பித்து மூன்று வாரம். போன ஞாயிறு காலையில் பேத்தி பார்த்துவிட்டு, "என்ன பாட்டி, கழுத்துல பாதி பச்சையா இருக்கு?" என்றாள். வெயிலில் பிடித்துப் பார்த்தால் நிஜம்தான். ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலம் என்று நினைத்து எடுத்த நூல் அத்தனையும் பச்சை.

எனக்கு 66 வயது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மஞ்சளாகும், மஞ்சள் கண்ணாடி போல நீல ஒளியைத்தான் முதலில் தடுக்கும். நீலப்பச்சைக்கும் பச்சைக்கும் உள்ள வித்தியாசமே நீல ஒளி கொஞ்சம் கூடவா குறைவா என்பதுதானே, அது உள்ளே போகாவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இது வருடக்கணக்கில் மெல்ல நடக்கிறது, மூளையும் கூடவே பழகிக்கொள்கிறது. அதனால் வெள்ளை வேட்டி எனக்கு இன்னமும் வெள்ளைதான், குறை இருப்பதே தெரியவில்லை.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நீலத்திலிருந்து கிளிப்பச்சை வரை பன்னிரண்டு நூல் எடுத்து, அட்டைத்துண்டுகளில் சுற்றி, பின்பக்கம் வரிசை எண் எழுதினேன். கலைத்துவிட்டு மறுபடி வரிசையாக அடுக்க வேண்டும், அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு, நேர் வெயில் விழாத ஜன்னலோரம் இரண்டு அட்டை இடம் மாறின. ராத்திரி மஞ்சள் பல்பில் ஏழு! பேத்திக்குப் பகலில் தப்பே இல்லை, பல்பில் இரண்டு. அந்த பல்பிலேயே நீலம் குறைவு, அதில் மிச்சமிருப்பதையும் என் லென்ஸ் பிடித்து வைத்துக்கொள்கிறது.

அப்புறம் பேத்தியின் கண்முன் மஞ்சள் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்துப் பிடித்தோம். பகலிலேயே ஐந்து தப்பு, அதுவும் பெரும்பாலும் நான் தடுமாறிய அதே நடு அட்டைகளில். என் கண் இப்படியேதான் பார்க்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, அவள் மூளைக்குப் பழக நேரமே கிடைக்கவில்லையே.

பகல் வெளிச்சம் போல நீலம் கலந்த, பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்ட வெள்ளை எல்இடி வாங்கி மேஜையில் வைத்தேன். முதலில் நாலு தப்பு. விளக்கை ஒரு அடி உயரத்துக்கு இறக்கியதும் இரண்டாகக் குறைந்தது. வயதானால் கண்மணியும் சுருங்கிவிடும், நிறத்தோடு வெளிச்சத்தின் அளவும் வேண்டியிருக்கிறது. கருநீலமும் கறுப்பும் மட்டும் எந்த விளக்கிலும் எனக்குப் பிரியவில்லை.

ஒரு கண்ணை மூடி மறு கண்ணாலும் அடுக்கிப் பார்த்தேன், இரண்டும் ஒரே மாதிரி. ஒரு கண்ணில் மட்டும் நிறம் மங்கியிருந்தாலோ விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தாலோ வீட்டுச் சோதனையோடு நிறுத்தாமல் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது நூல்கண்டு ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சீட்டு கட்டியாயிற்று, பகலில் பார்த்து எடுத்து வைத்ததை மட்டும்தான் ராத்திரி தைக்கிறேன். கழுத்தில் பாதியைப் பிரித்தாயிற்று. துணியில் ஊசித்துளை தெரிகிறது, கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் மறையுமா பார்க்க வேண்டும்.