நாற்காலியை அழித்தால் தரை என்ன சொல்கிறது: புகைப்பட மன்றப் பாடம், மூன்று வகுப்பு

படத்தில் இருப்பதை நீக்குவதும் இல்லாததைச் சேர்ப்பதும் எங்கே பொய்யாகிறது என்பதை வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அவர்கள் அழித்த இடத்தில் உண்மையில் என்ன இருந்தது என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கும்படி பாடத்தை அமைத்தோம். இடம் காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றின் வளவு, அதாவது முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும், தரை பூக்கோலம் போட்ட ஆத்தங்குடிக் கல், அழிக்கவேண்டிய பொருள் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. வீட்டுக்காரரிடம் முன்பே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்கள் சட்டகத்துக்குள் வரலாமா என்பதையும் சேர்த்தே கேட்பது நல்லது.

முதல் வகுப்பில் இரண்டே படம். கேமராவை முக்காலியில் வைத்து, M நிலையில் ஒளியளவை நிறுத்தி, ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவிலிருந்து எடுத்து, ஃபோகஸைப் பூட்டி, 2 நொடி டைமரில் நாற்காலியோடு ஒரு படம். பிறகு நாற்காலியைத் தூக்கிவிட்டு உடனே இன்னொன்று. முற்றத்து வெயில் தரையில் நகர்ந்துகொண்டே இருப்பதால் இடைவெளி அரை நிமிடத்தைத் தாண்டக்கூடாது. முற்றத்தை ஒட்டிய நிழலான பட்டாசாலைப் பக்கம் எடுத்தால் இந்தக் கவலை பாதி குறையும். ஒரு சூட்சுமம்: நாற்காலியை, உடைந்து சிமெண்டால் ஒட்டுப்போட்ட கல்லின் மேல் போடவேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லக்கூடாது. இரண்டாவது படத்தையும் ஆசிரியரே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருள். படத்தின் மேல் ஒரு வெற்று லேயர் போட்டு, Clone கருவியில் Sample merged-ஐ டிக் செய்து, Ctrl அழுத்தி மாதிரி எடுத்து அந்த லேயரில் பூசவேண்டும். அடியிலுள்ள அசல் கலையாமல் இருக்கும். தூரிகை ஒரு கல்லின் மூன்றில் ஒரு பங்கு அளவு இருந்தால் போதும். முன்வரிசைக் கல்லை எடுத்துப் பின்வரிசையில் ஒட்டினால் பெரிதாகத் தெரியும் என்பதை எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரே வரிசையிலேயே நாலு கல் தள்ளி மாதிரி எடுத்தாலும் தவறுதான். அகலம் சரியாக இருந்தாலும், நடுவிலிருந்து விலக விலகப் பக்கக் கோடுகளின் சாய்வு மாறும். எனவே ஒட்டியிருக்கும் பக்கத்துக் கல்தான் பாதுகாப்பு.

Heal கருவியைக் கல்லின் கறுப்பு பார்டர் அருகில் கொண்டுபோனால் கறை இழுபடும். அதைக் கடைசியில், வெளிச்ச வித்தியாசத்தைச் சமன்செய்ய மட்டும் தொடலாம். இன்னொன்று, கண்ணாடியின் மேல் கையால் வண்ணம் ஊற்றிச் செய்த கல் இது. ஒன்றைப்போல் இன்னொன்று அச்சாக இருக்காது. ஒரே வண்ணக் கசிவு இரண்டு கல்லில் தெரிந்தால் திருட்டு வெளுத்துவிடும்.

மூன்றாம் வகுப்பில்தான் பாடமே. அசலான வெற்றுத் தரைப் படத்தின் மேல் பிள்ளைகள் திருத்திய படத்தை லேயராக வைத்து, லேயரின் Mode-ஐ Difference ஆக்க வேண்டும். இரண்டும் ஒத்த இடம் கறுப்பாகும். லேசான மணல்போன்ற புள்ளிகள் கேமராவின் நாய்ஸ்தான். விளிம்பெல்லாம் கோடு கோடாக வந்தால் முக்காலி அசைந்திருக்கிறது. படம் முழுக்கச் சாம்பல் படர்ந்தால் ஒளியளவு மாறியிருக்கிறது.

இவை இல்லையென்றால் இரண்டு இடம் பளிச்சென்று தெரியும். ஒன்று, நாற்காலிக் கால்களுக்கு முன்னால், வழவழப்பான தரையில் விழுந்த நீலப் பிரதிபலிப்பு. நாற்காலியை அழித்த பலர் அதை விட்டுவிடுவார்கள். மற்றொன்று, ஒட்டுப்போட்ட கல். அங்கே பூக்கோலம் முழுசாக இருக்கிற நல்ல கல்லைப் பிள்ளைகள் உண்டாக்கி வைத்திருப்பார்கள். நாற்காலியைத்தானே எடுத்தோம் என்று வாதாடுவார்கள். எடுத்ததோடு தரை பழுதில்லை என்று ஒரு செய்தியும் சேர்ந்துவிட்டது. பழைய வீட்டை ஆவணப்படுத்தும் படத்தில் அந்த ஒட்டும் ஒரு தகவல்.

இந்த இடத்தில் வெளிவழக்கு ஒன்று உதவும். 2010 வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில், படத்தின் ஓரத்தில் எட்டிப்பார்த்த ஒருவரின் பாதத்தை நீக்கியதற்காகப் பரிசு திரும்பப் பெறப்பட்டது. பாதம் துண்டுதானே என்று கேட்பவர்களுக்கு மன்றத்தில் வைத்த விதி இது: செய்தி, ஆவணம், போட்டி என்றால் தொடவே கூடாது, நாற்காலியை நகர்த்திவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். சுவரொட்டி, அழைப்பிதழ் என்றால் நீக்கலாம், சேர்க்கலாம், ஆனால் சொல்லவேண்டும்.

சேர்க்கும் பயிற்சிக்குக் குத்துவிளக்கு வைத்துக்கொண்டோம். விளக்கையும் அதே வளவில், அதே நேரத்தில், அதே உயரத்தில் கேமரா வைத்து எடுத்தால்தான் கோணமும் பொருந்தும், நிழலும் தூண் நிழலோடு ஒரே பக்கம் விழும். தரையில் தலைகீழ் பிரதிபலிப்பையும் போட மறந்தால் விளக்கு மிதக்கும்.

குறிப்பை மெட்டாடேட்டாவில் மட்டும் எழுதினால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது கழன்றுவிடும். ஆகவே Canvas Size-இல் கீழே ஒரு வெள்ளைப் பட்டையைக் கூட்டி அதில் எழுதினோம்: “நாற்காலி நீக்கப்பட்டது, அதன் அடியிலிருந்த தரை பக்கத்துக் கல்லிலிருந்து நிரப்பப்பட்டது, குத்துவிளக்கு பின்னர் சேர்க்கப்பட்டது.” அசல் படமும் லேயர்கள் கலையாத XCF கோப்பும் ஒரே ஃபோல்டரில்.