பெட்ராபோல் எல்லையில் பதினோரு நாட்கள்: ஒரு நூல் லோடு கடந்த விதம்

2023 பிப்ரவரி 6ஆம் தேதி திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றிலிருந்து, ஐம்பது கிலோ வீதம் 400 மூட்டை பருத்தி நூலை ஏற்றிக்கொண்டு, எங்கள் டாரஸ் லாரி வங்கதேச எல்லைக்குப் புறப்பட்டது. நாமக்கல் லாரிகள் கொல்கத்தா வரை போவது புதிதல்ல. ஆனால் எல்லைக்கு அப்பால் சரக்கை இறக்கிவிட்டு வரும் ஒப்பந்தத்தை நான் எடுத்தது அதுவே முதல் முறை. அதனால் கிளீனர் இடத்தில் நானே உடன் சென்றேன்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வடக்கு 24 பர்கானா மாவட்டத்துப் பனகாவ் நகரை அடைந்தோம். அங்கிருந்து சில கிலோமீட்டரில் பெட்ராபோல் சோதனைச்சாவடி. எல்லைக் கோட்டைத் தாண்டினால் வங்கதேசத்தின் பெனாபோல். இரண்டாயிரம் கிலோமீட்டரை ஆறு நாளில் கடந்த வண்டிக்கு, அந்தச் சில கிலோமீட்டரைக் கடந்து, இறக்கித் திரும்ப மேலும் பதினோரு நாட்கள் பிடித்தன.

முதலில் அனுமதி பற்றி. நம்மிடம் உள்ள தேசிய பெர்மிட் எல்லைக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளின் வண்டிகள் ஒன்றின் சாலையில் மற்றொன்று ஓடுவதற்கான ஒப்பந்தம் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்திருந்தால் நேராக டாக்கா ஆலை வாசலில் இறக்கியிருக்கலாம். வராததால், நம் வண்டி பெனாபோல் தரைவழித் துறைமுக வளாகம் வரை மட்டுமே போகலாம். அங்கே சரக்கு அந்நாட்டு லாரிக்கு மாற வேண்டும். அந்த வளாகம் வரை போவதற்கான சீட்டைத்தான் ‘கார் பாஸ்’ என்கிறார்கள். வண்டி எண், ஓட்டுநர் பெயர், உரிம எண், உடன் வருபவர் பெயர், சரக்கு விவரம் ஆகியவை அதில் இருக்கும். ஓட்டுநர் அந்தச் சீட்டின் பேரில்தான் உள்ளே போகிறார். வளாகத்துக்கு வெளியே கால் வைக்க அது இடம் தராது.

வரிசை மேற்கு வங்க அரசின் ‘சுவிதா’ என்னும் இணைய முன்பதிவு முறையில் நடக்கிறது. எங்களுக்கு 16ஆம் தேதி வியாழக்கிழமை முறை கிடைத்தது. ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லுக்குச் சுங்க அனுமதியும் உரிய நேரத்தில் வந்துவிட்டது. ஆனால் வாயிலில் எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் கார் பாஸையும் ஓட்டுநர் உரிமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். உரிமத்தில் நம் ஊர் வழக்கப்படி முன்னெழுத்தும் பெயரும் மட்டும் இருந்தன. கார் பாஸை எழுதிய சுங்க முகவர் ஆதார் அட்டையைப் பார்த்து, தந்தை பெயரை முழுமையாக விரித்து, அதையும் பெயருக்குப் பின்னால் போட்டு எழுதியிருந்தார். நமக்கு அது ஒரே ஆள். வாயிலில் நிற்பவருக்கு அவை இரண்டு பெயர்கள். அவர் செய்ததில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். “அண்ணா, லைசென்ஸ்ல இருக்கிற மாதிரியே எழுதுங்கன்னு நான் சொல்லியிருக்கணும்,” என்று ஓட்டுநர்த் தம்பி வருந்தினார். சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

சீட்டை மாற்றி எழுதி மீண்டும் கையொப்பம் பெறுவதற்குள் அன்றைய முறை போய்விட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை வங்கதேசத்தில் வார விடுமுறை. அடுத்து கிடைத்த முறை 20ஆம் தேதி திங்கள்.

இதற்கிடையே, நான் கொஞ்சமும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சிக்கல் வந்தது. சரக்கோடு இருக்க வேண்டிய மின்னணுச் சீட்டான ஜிஎஸ்டி ஈ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் ஆயுள் உண்டு. எங்கள் தூரத்துக்குப் பதினோரு நாள், அதாவது 17ஆம் தேதி நள்ளிரவு வரை. காலாவதியாகும் நேரத்துக்கு முன் எட்டு மணி நேரம், பின் எட்டு மணி நேரம், அந்த இடைவெளிக்குள் மட்டுமே நீட்டிக்க முடியும். நீட்டிக்கும்போது மீதமுள்ள தூரத்தைக் கேட்கிறது. எல்லையருகே நிற்பவன் சில கிலோமீட்டர் என்றுதான் போட முடியும். அதற்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். ஆகவே வரிசையில் நின்ற ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் அதை நீட்டிப்பதே வேலையாயிற்று. நீண்ட தூரத்திலிருந்து வரும் வண்டிக்காரர்கள் பலர் பனகாவிலேயே உள்ளூர் லாரிக்குச் சரக்கை மாற்றிவிட்டு ஊர் திரும்புவதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. ஆனால் வண்டி எண் மாறினால் ஈ-வே பில்லிலும் கார் பாஸிலும் ஏற்றுமதித் தாள்களிலும் அது மாற வேண்டும். மூட்டைகளையும் ஒருமுறை கூடுதலாக ஏற்றி இறக்க வேண்டும். கோன் நூலுக்கு அது நல்லதல்ல என்பதால் நாங்கள் காத்திருந்தோம்.

20ஆம் தேதி மாலை கோட்டைத் தாண்டினோம். மறுநாள் பிப்ரவரி 21, வங்கமொழிக்காக 1952இல் டாக்காவில் உயிர்நீத்தவர்களின் நாள். அன்று இரு பக்கமும் சரக்குப் போக்குவரத்து இல்லை. தமிழனாக அந்த நாளை நான் குறை சொல்ல மாட்டேன். லாரியடியில் அடுப்பு வைத்துச் சோறு பொங்கிச் சாப்பிட்டு, வளாகத்துக்குள்ளேயே பொழுதைக் கழித்தோம்.

புதன்கிழமை எடை போட்டார்கள். லோடோடு ஒரு எடை, இறக்கிய பின் வெறும் வண்டி எடை; இரண்டின் வித்தியாசமே சரக்கு. இந்த இரண்டு எடைக்கும் இடையே தார்ப்பாய், கயிறு, மாற்று டயர், உட்கார்ந்திருக்கும் ஆள் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் இரவுப் பனியில் நனைந்த தார்ப்பாய் நன்றாகவே கனக்கும். அதைக் கீழே போட்டுவிட்டு வெறும் வண்டியை எடை போட்டால், இல்லாத சரக்கு இருப்பதாகக் கணக்கு காட்டும். பிறகு இறக்குமதியாளர் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் வண்டி நிற்கும்.

சரக்கு மாற்றம் வியாழன் காலையில் தொடங்கியது. கிடங்கில் இடமில்லாததால் லாரிக்கு லாரி மாற்றினார்கள். இரு வண்டிகளின் பின்கதவுகளும் முட்டும்படி நிறுத்தி, நடுவில் பலகை போட்டு, ஒருவர் முதுகில் ஒரு மூட்டையாகக் கடத்தினார்கள். பத்து மூட்டைக்கு ஒரு சுண்ணக்கட்டிக் கோடு எங்கள் வண்டியின் பக்கப்பலகையில் விழுந்தது. அவர்கள் கணக்கர் தனியே எழுதினார். 270ஐத் தாண்டும்போது இரு கணக்குக்கும் ஒன்று வித்தியாசம் வந்தது. வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லி, அந்த லாரியில் அடுக்கியிருந்த வரிசைகளை எண்ணினோம். கோடு ஒன்று பத்துக்குப் பதில் பதினொன்றுக்கு விழுந்திருந்தது. 400ம் முடிந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதென்றால் முழுவதையும் கலைக்க வேண்டியிருந்திருக்கும். அன்று மாலைக்குள் முடிக்காவிட்டால் வெள்ளியும் போய்விடும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. நான்கு மணிக்கு முடிந்தது. இரு தரப்பும் ஒப்பமிட்ட கார் பாஸை பெட்ராபோலில் ஒப்படைத்தபோது இருட்டிவிட்டது.

2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழி நூல் இறக்குமதியை நிறுத்திவிட்டதால், இதே லோடு இன்று அந்த வழியில் போகாது. வேறு சரக்கோடு போகிறவர்களுக்கு, புறப்படும் முன்பே செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும்: லாரிக் காப்பீடு இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். கூடுதல் பிரீமியம் கட்டி வங்கதேசத்தையும் சேர்த்து எழுதி வாங்க வேண்டும். பெனாபோல் வளாகத்தின் நெருக்கடியில் ஒரு உரசல் நேர்ந்திருந்தால் என் பாலிசி உதவியிருக்காது என்பதை ஊர் திரும்பிய பிறகுதான் படித்துப் பார்த்தேன்.

ஹால்டிங், அதாவது வண்டி காத்து நிற்கும் நாட்களுக்கான கூலி பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லாததால் ஆலையிடம் எதுவும் கேட்க முடியவில்லை. அதன் பிறகு எடுத்த எல்லை லோடுகளில், பனகாவில் நான்கு நாள் வரை என் பொறுப்பு, ஐந்தாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு 2,500 ரூபாய் என்று எழுதி வாங்கிக்கொண்டே தார்ப்பாய் கட்டினேன். ஓட்டுநரின் உரிம நகலையும், அதில் பெயருள்ள வரியை அடிக்கோடிட்டு, முகவருக்கு முன்கூட்டியே அனுப்பினேன்.