பணகுடியில் முதல் வாரம்

ஜூன் 2, திங்கள்

உடுமலைப் பக்கம் ஏழு வருடம் காற்றாலையில் இருந்துவிட்டு, இன்று பணகுடிக்குப் பக்கத்தில் சைட் இன்சார்ஜாகச் சேர்ந்தேன். அங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, இங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. ஜீப் கதவைத் திறந்ததுமே கையிலிருந்து பிடுங்கியது. சீசன் தொடங்கியாச்சு, நிதானமாக அறிமுகம் ஆகிக்கொள்ள நேரமில்லை.

பவர்பாயிண்ட் தயார் செய்து வைத்திருந்தேன். எட்டு மணி டீக்கு எல்லோரும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து லேப்டாப்பை மூடிவிட்டு, நின்றபடியே நான்கு விஷயம் சொன்னேன். அவசரம் என்றால் எந்த நேரமானாலும் போன் செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் போடுவதை மறுநாள்தான் பார்ப்பேன். ஆபத்து என்று தோன்றினால் மெஷினை யாரும் நிறுத்தலாம், என்னைக் கேட்க வேண்டாம். நான் பேசாமல் இருந்தால் கோபமில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

நான்காவதுதான் முக்கியம். ஒரே நாளில் ஒரே ஃபால்ட்டில் மெஷின் முதல் தடவை ட்ரிப் ஆனால் ரீசெட் செய்து ரிஜிஸ்டரில் எழுதுங்கள். இரண்டாவது தடவை ஆனால் ரீசெட்டுக்கு முன்னால் என்னைக் கூப்பிடுங்கள். கியர் ஆயில் சூடாகி நின்ற மெஷின், ஆறியதும் ரீசெட்டை ஏற்றுக்கொள்ளும். கோளாறு அப்படியே இருக்கும். ரிப்போர்ட்டில் மட்டும் எல்லாம் நன்றாக ஓடுவது போலத் தெரியும்.

கேள்வி இருக்குங்களா என்றேன். என் ‘ங்க’வைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர, கேள்வி வரவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

11 பேரையும் தனித்தனியே 20 நிமிடம் பார்க்க ஆரம்பித்தேன். இங்கே எதை நான் மாற்றிவிடக் கூடாது என்பதுதான் என் முதல் கேள்வி. பெரும்பாலும் “எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்” என்ற பதில்தான் வந்தது.

இருப்பதிலேயே மூத்த டெக்னீசியன், எல்லோருக்கும் அண்ணாச்சி, கடைசியாக வந்தார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இதுக்கு முந்தி இருந்தவரும் எதுனாலும் சொல்லுங்கன்னுதான் சொன்னாரு. சொன்ன பையனுக்கு மெமோ வந்துச்சு. அதுக்கப்புறம் யாரு சொல்லுதா?”

நேற்று கேள்வி வராததற்குக் காரணம் புரிந்தது. இதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை என்பதால் பேசாமல் குறித்துக்கொண்டேன். கணக்குப் போடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஜூன் 4, புதன்

முழுக்க ஈ.பி. ஆபீஸ் வேலை. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

இரவு 11.40க்குக் கன்ட்ரோல் ரூம் தம்பியிடமிருந்து போன். 14ஆம் மெஷின் கியர் ஆயில் சூட்டில் இரண்டாவது தடவையாக நின்றுவிட்டது. நின்றது 11.15க்கு. தூக்கக் கலக்கத்தில் என் வாயிலிருந்து முதலில் வந்தது, “ஏன் இவ்வளவு லேட்?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. திங்கட்கிழமை சொன்ன நான்கும் அந்த ஒரு வரியில் போச்சு.

பிறகு விவரம் கேட்டேன். முதல் ரீசெட்டுக்குப் பின் ஐந்து மணி நேரம்கூட ஓடவில்லை. பக்கத்து 13ஆம் மெஷினில் ஆயில் என்ன டிகிரி என்றேன். அதே காற்று, அதே லோடு, 61. இது 80 தொட்டு நின்றிருக்கிறது. சென்சார் பொய் சொல்லலாம். ஆனால் மாலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருப்பதைப் பார்த்தால் கூலர் அடைப்பு போலத்தான் தெரிந்தது. காலை வரை நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

கோபுர உச்சியில் இருக்கும் நாசெல்லில் வேலை பார்க்க எங்கள் கையேட்டில் காற்று வரம்பு நொடிக்கு 12 மீட்டர். விடிகாலையில் 9 இருந்தது. அண்ணாச்சியும் இன்னொருவரும் ஏறினார்கள். ஆயில் கூலரின் தகட்டு இடுக்குகளில் செம்மண் தூசியும் எண்ணெய்க் கசிவும் சேர்ந்து, வறட்டி தட்டியதுபோல் அப்பிக் கிடந்ததாம். போட்டோவில் ஒரு மூலையில் மட்டும்தான் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. சுத்தம் செய்து 8.30க்கு ஓடவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஆயில் 63இல் நிலைத்தது.

ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நின்றதற்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். நிறுத்தி வைத்தது என் முடிவு என்று என் பெயரில் எழுதி அனுப்பினேன். தம்பிக்கு நகல் போட்டேன்.

டீ நேரத்தில் எல்லோர் முன்னாலும் அந்தத் தம்பியிடம் சொன்னேன்: “கூப்பிட்டது சரி. நான் கேட்ட முதல் கேள்விதான் தப்பு.” அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அண்ணாச்சி வடையைப் பிட்டுக்கொண்டே, “அப்போ மெமோ யாருக்கு மேடம்?” என்றார். இந்த முறை எல்லோரும் சத்தமாகவே சிரித்தார்கள்.

ஜூன் 7, சனி

காலை 5.10க்குப் போன்.

“மேடம், தூங்கிட்டு இருந்தீகளா?”

“ஆமா. எந்த மெஷின், சொல்லுங்க.”