தொண்ணூறு நாளில் கரைந்த கூலி

திருப்பூரில் தையல் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பவர் டேபிள் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுவதும், பில் போடுவதும், ஆர்டர் தரும் ஏற்றுமதி நிறுவனத்திடமிருந்து வரும் டெபிட் நோட்டுகளைச் சரிபார்ப்பதும் என் வேலை. கூலி எவ்வளவு என்பதிலோ எத்தனை பீஸ் என்பதிலோ தகராறு வந்தால், அதற்கான ஆதாரம் முன்பெல்லாம் பெர்சேஸ் ஆர்டர் தாளிலோ, சரக்கோடு போகும் டெலிவரி சலானான டி.சி.யிலோ இருக்கும். இப்போது பெரும்பாலும் அது யூனிட் உரிமையாளரின் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. ஆர்டரின் முதல் விலை மட்டுமே தாளில் வருகிறது; அதற்குப் பிறகு நடக்கும் மாற்றங்கள் எல்லாம், ஆர்டரைக் கவனிக்கும் ஏற்றுமதி நிறுவன ஊழியரான மெர்ச்சன்டைசரும் உரிமையாளரும் கைப்பேசியில் பேசி முடித்துக்கொள்பவை. அந்தப் பேச்சு தானாக அழிந்துபோகும் வசதியைப் பற்றி நான் கவனமாகப் படிக்க நேர்ந்தது 2025ஆம் ஆண்டு மே மாதத்தில், ஒரு பில்லின் பொருட்டு.

ஆர்டர் இதுதான்: காலர் வைத்த டி-ஷர்ட் 12,000 பீஸ், தையல் கூலி பீஸுக்கு 38 ரூபாய், மார்ச் 5ஆம் தேதிக்குள் டெலிவரி. ஜனவரி 6ஆம் தேதியிட்ட ஆர்டர் தாள் கோப்பில் இருந்தது. சைஸ் செட் சாம்பிள் போனபின், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு தோளிலிருந்து மறுதோள் வரை டேப் வைத்து மேல்தையல் போடச் சொன்னார். ஜனவரி 20ஆம் தேதி மெர்ச்சன்டைசர் அந்த மாற்றத்தைப் படத்தோடு அனுப்பினார்; உரிமையாளர் கூடுதல் வேலைக்கு மூன்று ரூபாய் ஐம்பது காசு கேட்டார்; அவரும் ஒத்துக்கொண்டார். ஆர்டர் தாளைத் திருத்தித் தருவதாகச் சொன்னவர் தரவே இல்லை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. திருத்திய ஆர்டர் தாள் வந்த பிறகுதான் ஊசி போடுவேன் என்று நிற்கும் யூனிட்டுக்கு அடுத்த ஆர்டர் வராது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

டேப் ஏற்றுமதி நிறுவனம் வாங்கித் தர வேண்டிய பொருள். அது பிப்ரவரி 6ஆம் தேதி வர வேண்டியது, 13ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது. தாமதமாகும் என்று மெர்ச்சன்டைசரே பிப்ரவரி 3ஆம் தேதி செய்தி அனுப்பி, டெலிவரியும் ஒரு வாரம் தள்ளிப் போகலாம் என்று சொல்லியிருந்தார். சரக்கு மார்ச் 12ஆம் தேதி போனது. 41 ரூபாய் 50 காசு வீதம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 4,98,000 ரூபாய்க்கு 14ஆம் தேதி பில் போட்டோம். மே 6ஆம் தேதி பணத்தோடு ஒரு கணக்குத் தாள் வந்தது. கூலி ஆர்டர் தாளில் உள்ளபடி 38 ரூபாய்தான் என்று 42,000 ரூபாயும், ஒரு வாரத் தாமதத்துக்கு ஐந்து சதவீதம் என்று 22,800 ரூபாயும் அதில் கழிக்கப்பட்டிருந்தன. பில்லைச் சரிபார்த்த அவர்களுடைய கணக்குப் பிரிவைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்தது ஜனவரி 6ஆம் தேதித் தாள் மட்டுமே. அந்த மெர்ச்சன்டைசரோ வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டிருந்தார்.

மறுநாள் உரிமையாளரின் கைப்பேசியைக் கையில் வாங்கிப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். பிப்ரவரி முதல் வாரத்துக்கு முன் ஒன்றும் இல்லை. உரையாடலின் தலைப்பக்கத்தில், புதிய செய்திகள் 90 நாட்களில் மறைந்துவிடும் என்ற சாம்பல் நிறச் சிறு குறிப்பு மட்டும் நின்றது. அதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மெர்ச்சன்டைசர் ஆண்டின் தொடக்கத்தில் புதிய எண்ணுக்கு மாறியபோது, இனி தொடங்கும் உரையாடல்களுக்கெல்லாம் 90 நாள் என்று அமைப்பில் வைத்திருக்கிறார். கைப்பேசியில் இடம் நிரம்பிப்போவதால் அப்படிச் செய்ததாகப் பின்னர் கேட்டபோது சொன்னார். இருவர் பேசும் உரையாடலில் யார் வேண்டுமானாலும் இதை இயக்கலாம், மற்றவரின் சம்மதம் தேவையில்லை. குழுவிலும், நிர்வாகி தடுத்து வைக்காதவரை, எந்த உறுப்பினரும் மாற்றிவிடலாம். இயக்கியதற்கான அறிவிப்பு உரையாடலுக்குள்ளேயே வரும், முகப்புப் படத்தின் ஓரத்தில் சிறு கடிகாரக் குறியும் தெரியும். நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு நடுவே நிற்கிற ஒருவர் அதைப் பார்த்துப் பொருள் கொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

2020 நவம்பரில் இந்த வசதி வந்தபோது ஏழு நாள் என்ற ஒரே அளவுதான் இருந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் 24 மணி நேரமும் 90 நாளும் சேர்ந்தன. என் அனுபவத்தில் தொழிலுக்கு அதிகக் கேடு செய்வது இந்த 90 நாள்தான். ஏழு நாளில் அழிந்தால், வேலை நடக்கும்போதே ஏதோ ஒரு செய்தியைத் தேடி, அது இல்லை என்று கண்டு, உடனே விழித்துக்கொள்வோம். 90 நாள் வைத்தால் வேலை நடக்கும் காலம் முழுவதும் எல்லாம் கண்ணெதிரே இருக்கும். ஜனவரி 20ஆம் தேதிப் பேச்சு ஏப்ரல் 20 வரை இருந்தது. தைத்தபோதும், டெலிவரி கொடுத்தபோதும், பில் போட்டபோதும் இருந்தது. ஆர்டர் பேசி, தைத்து, அனுப்பி, பில் போட்டு, அது சரிபார்க்கப்பட்டுப் பணம் வருவதற்கு இந்த ஊரில் மூன்று நான்கு மாதம் ஆகிறது. தகராறு என்பது எப்போதும் கடைசிக் கட்டத்தில், பணம் வரும் நாளில்தான் தொடங்குகிறது. விலை பேசியதோ முதல் கட்டத்தில். ஆகவே முதலில் அழிவது விலைதான். பிறகு அனுப்பிய வண்டி எண்ணும் பெட்டிக் கணக்கும் அப்படியே இருக்கும். அவற்றைக் கொண்டு என்ன செய்வது?

முழுக்க அழிந்துவிடவும் இல்லை. மீதி இருந்தவற்றிலிருந்து எவ்வளவு மீட்க முடிந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது படம். உரையாடலில் வரும் படங்கள் கேலரியில் தானாகச் சேமிக்கப்படும்படி அந்தக் கைப்பேசியில் இருந்ததால், செய்தி மறைந்தாலும் படம் தங்கிவிட்டது. டேப் வைத்த தோள்பட்டையைச் சாக்பீஸால் வட்டமிட்டுக் காட்டிய படம் அது. கோப்பின் பெயர் `IMG-20250120-WA0007.jpg`. பெயரிலேயே தேதி இருக்கிறது. ஜனவரி 20ஆம் தேதி, அதாவது ஆர்டர் தாளுக்கு இரண்டு வாரம் கழித்து, வேலையில் ஒரு மாற்றம் சொல்லப்பட்டது என்பதை அவர்கள் மறுக்க முடியவில்லை. ஆனால் படத்தில் விலை இல்லை.

இரண்டாவது, பதிலுக்குள் மாட்டிக்கொண்ட மேற்கோள். பிப்ரவரி 8ஆம் தேதி உரிமையாளர், மெர்ச்சன்டைசரின் பழைய செய்தி ஒன்றைத் தொட்டு, "தம்பி, திருத்துன ஆர்டர் தாள் இன்னும் வரலீங்க" என்று பதில் போட்டிருந்தார். பழைய செய்தி மறைந்த பிறகும், பதிலின் மேல் அது மேற்கோளாக ஒட்டிக்கொண்டிருந்தது: "சரிங்ணா, மூணு அம்பது சேர்த்துப் போட்டுக்கலாம்." அந்தப் பதிலுக்கும் மே 9ஆம் தேதிதான் கெடு. நான் பார்த்தது 7ஆம் தேதி. உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே கைப்பேசியை இன்னொரு கைப்பேசியால் தேதி தெரியும்படி வீடியோவும் எடுத்து வைத்தோம். செய்தியை உரையாடலிலேயே தக்கவைக்கும் வசதி 2023 முதல் இருந்தாலும், அனுப்பியவர் வேண்டாம் என்றால் அது செல்லாது. எனவே அதை நம்பவில்லை.

இந்த மேற்கோளை எடுத்துக்கொண்டு போனபோது அவர்கள் கேட்ட கேள்வி எனக்கு நியாயமாகவே பட்டது. மூன்று ஐம்பது எந்த ஸ்டைலுக்கு? அதே பருவத்தில் அதே யூனிட்டுக்கு இன்னொரு ஸ்டைலும் கொடுத்திருந்தார்கள். மேற்கோளில் மூலச் செய்தியின் தேதி இல்லை, அதற்கு முன்பின் பேச்சும் இல்லை. ஒப்பந்தம் என்பது ஒரு செய்தியில் இருப்பதில்லை. படம் ஒன்றில், விலை ஒன்றில், சம்மதம் மூன்றாவதில் என்று பிரிந்து கிடக்கிறது. அவற்றில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தால் அது எதற்கும் பொருந்தும், எதையும் நிறுவாது. பேசிப் பேசிக் கடைசியில் பீஸுக்கு 1 ரூபாய் 75 காசு என்று முடித்தோம். 42,000 கேட்ட இடத்தில் 21,000 வந்தது.

தாமதத்துக்குக் கழித்த 22,800 ரூபாய் முழுவதும் திரும்பி வந்தது. அதைச் சொன்ன பிப்ரவரி 3ஆம் தேதிச் செய்தி மே 4ஆம் தேதியே மறைந்துவிட்டது. காப்பாற்றியது தாள். டேப் வந்த டி.சி.யில் அவர்களுடைய முத்திரையோடு பிப்ரவரி 13 என்றிருந்தது, வாட்ச்மேன் எழுதிய கேட் நோட்டிலும் அதே தேதி. டேப் வராமல் தோளை மூட முடியாது என்பது அவர்களுக்கும் தெரிந்த விஷயம்.

மீதித் தொகைக்குச் சட்டப்படி போகலாமா என்று உரிமையாளர் கேட்டார். மின்னணு வழியில் பேசி முடித்த ஒப்பந்தம் அந்தக் காரணத்தால் மட்டும் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் தர வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் அதன் ஹாஷ் மதிப்பும் அதில் எழுத வேண்டும். ஆக, வாட்ஸ்அப் பேச்சைச் சட்டம் ஒதுக்கவில்லை. ஆனால் சான்றிதழ் கொடுக்கப் பதிவு இருக்க வேண்டும். பணம் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பதிவுக்கோ மூன்று மாத ஆயுள்.

நட்டம் சிறு யூனிட்டுக்கு மட்டும் என்று ஏற்றுமதியாளர்கள் நினைத்தால் அதுவும் தவறு. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, டெலிவரி ஆன 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆட்சேபங்கள் இப்போது வாட்ஸ்அப்பில்தான் போகின்றன: எண்ணெய்க் கறைப் படம், கூடவே ஒரு குரல் செய்தி. மார்ச் 20ஆம் தேதி அப்படி அனுப்பியது ஜூன் 18ஆம் தேதி இருக்காது. யூனிட்காரர் அதற்குப் பிறகு அந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மன்றத்தில் மனுக் கொடுத்தால், உரிய காலத்தில் ஆட்சேபித்தோம் என்று காட்ட ஏற்றுமதியாளரிடமும் ஒன்றும் இருக்காது. தாமதமான தொகைக்கு வட்டியோ வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி.

விலை விவரம் போட்டியாளருக்குப் போய்விடும் என்று பயந்து இந்த வசதியை வைப்பவர்களும் உண்டு. அந்தப் பயம் பொய்யும் அல்ல. அதனால் அணைத்துவிடுங்கள் என்று நான் யாரிடமும் வாதாடுவதில்லை. பேசுவது அங்கேயே நடக்கட்டும். கூலியோ டெலிவரித் தேதியோ மாறினால் அன்று மாலையே, ஆர்டர் எண், ஸ்டைல் எண், பழைய கூலி, புதிய கூலி, யார் சொன்னது என்ற ஐந்தையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, மெர்ச்சன்டைசருக்கும் அவர்களுடைய கணக்குப் பிரிவுக்கும் சேர்த்து அனுப்புகிறோம். ஆள் வேலை மாறினாலும் அது நிறுவனத்தின் பெட்டியில் இருக்கும். பதில் வராத மின்னஞ்சல் சம்மதம் ஆகிவிடாது என்பதால், முதல் லோடு போகும் டி.சி.யின் குறிப்புப் பகுதியில் புதிய கூலியையும் அந்த மின்னஞ்சலின் தேதியையும் எழுதிவிடுகிறோம். சரக்கை இறக்குபவர் அதில் கையெழுத்துப் போடத் தயங்கினால், கூலி இன்னும் முடிவாகவில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிடுகிறது; மீதி பீஸ்கள் அப்போது நம் மேசையில்தான் இருக்கும்.